குளிர்ந்த கண்ணாடி, ஈரக் காற்று

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துவந்த கேமரா லென்ஸின் மேல் சில நொடிகளில் வெண்மூட்டம் படிவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. லென்ஸின் மேற்பரப்பு, வெளிக்காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருக்கிறது. பனிநிலை என்பது, காற்றில் இருக்கும் நீராவி மேற்கொண்டு ஆவியாகவே தங்க முடியாமல் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். அந்த நீர் டம்ளருக்குள்ளிருந்து கசிந்ததல்ல, சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது.

லென்ஸில் மூட்டம் படிய வைப்பது வெளியே உள்ள வெயில் என்று பலரும் நினைக்கிறார்கள். வெயிலுக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. மே மாத மதுரையில் ஒரு நண்பகல், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 13 டிகிரிதான். 22 டிகிரி அறையிலிருந்து வெளியே வரும் லென்ஸ் அதைவிட 9 டிகிரி சூடாக இருக்கிறது. ஆகவே, காற்றுக்கும் லென்ஸுக்கும் 18 டிகிரி வேறுபாடு இருந்தும் ஒரு துளி கூடப் படியாது. அதே மாதத்தில் சென்னையில் கடல்காற்று வீசும் ஒரு மாலை, 32 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு. வெயில் தாழ்ந்துவிட்டது, ஆனால் பனிநிலை 27 டிகிரி. 22 டிகிரி லென்ஸ் அதற்கு 5 டிகிரி கீழே நிற்கிறது. கதவைத் தாண்டியதுமே மூடிக்கொள்ளும்.

பனிநிலையை மனக்கணக்காகவே போடலாம். நூறிலிருந்து ஒப்பு ஈரப்பதத்தைக் கழித்து, மிச்சத்தை ஐந்தால் வகுத்து, வந்ததைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழித்தால் போதும். சென்னை மாலைக்கு 100 − 75 = 25; அதை ஐந்தால் வகுத்தால் 5; 32 − 5 = 27. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை இந்தச் சுருக்குவழி ஒரு டிகிரி முன்பின்னாகச் சரியாக வரும். வறண்ட காற்றுக்கு இது உதவாது. மதுரை நண்பகலுக்கு இதே கணக்கைப் போட்டால் 24 என்று வரும், உண்மையான பனிநிலையோ 13. ஆனால் மூட்டத்தைப் பற்றிய கவலை எழுவதே ஈரமான காற்றில்தான் என்பதால் இந்தக் குறை பெரிதாக உறுத்துவதில்லை. வானிலைச் செயலிகள் பலவற்றில் பனிநிலை நேரடியாகவே காட்டப்படுகிறது.

குளிர்ந்த பரப்பில் மூட்டம் படிவதை அறிவியல் ஒரு கருவியாகவே பயன்படுத்தியிருக்கிறது. 1820இல் ஜான் ஃபிரெடரிக் டேனியல் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அமைத்த ஈரமானியில், ஒரு கண்ணாடிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைத்து, அதன் மேல் முதல் மூட்டம் தெரியும் கணத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். அதுவே அந்த நேரத்துக் காற்றின் பனிநிலை. மூட்டம் படிந்த கேமரா அந்தச் சோதனையைத் தலைகீழாகச் செய்கிறது. மூட்டம் விலகும் கணத்தில் லென்ஸின் முகம் பனிநிலையைத் தொட்டுத் தாண்டுகிறது. எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வியின் சாரம் இதுதான். லென்ஸ் வெளிக்காற்றின் வெப்பநிலையை முழுதாக எட்ட வேண்டியதில்லை. பனிநிலையைத் தாண்டினால் போதும்.

எத்தனை நேரம்?

குளிர்ந்த பொருள் சூடேறும் வேகம், அதற்கும் காற்றுக்கும் இடையே மிச்சமிருக்கும் வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. முதலில் வேகமாகவும், போகப்போக மெதுவாகவும் சூடேறும். அதனால் இதை, வேறுபாடு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைக் கொண்டு அளப்பது வசதி. கேமராவும் நடுத்தர ஜூம் லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ என்று கொண்டால், அசையாத காற்றில் இந்த நேரம் சுமார் 25 நிமிடம். மூக்குக் கண்ணாடி சில பத்துக் கிராம்தான், அதனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே தெளிந்துவிடுகிறது. கைபேசிக்கு இந்தத் தொல்லை குறைவு. சட்டைப்பையில் உடற்சூட்டோடு இருக்கிறது, போதாததற்கு உள்ளிருக்கும் சில்லுகளும் அதைச் சூடாக வைத்திருக்கின்றன.

சென்னை மாலையில் லென்ஸ் 22, காற்று 32, வேறுபாடு 10 டிகிரி. பனிநிலையான 27ஐ எட்ட, வேறுபாடு 5 ஆகக் குறைந்தால் போதும். ஒரு பாதியாதல், அதாவது 25 நிமிடம். இப்போது அதே ஊரில் விடியற்காலை நாலரை மணி. காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு, பனிநிலை 26. தொடக்க வேறுபாடு 6 டிகிரிதான். ஆனால் மூட்டம் விலக அது 2 டிகிரியாக, மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். மழை விட்ட கையோடு காற்று 26 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் பனிநிலை 25. வேறுபாடு நாலிலிருந்து ஒன்றாகக் குறைய வேண்டும், இரண்டு முறை பாதியாக வேண்டும், 50 நிமிடம். வெளியே இதமாக இருக்கும் நேரம்தான் லென்ஸுக்கு அதிக நேரம் பிடிக்கும் நேரம். வெப்பமான மாலைக்குத் தயாராகிப் பழகியவர்கள் விடியற்காலையில் ஏமாறுவது இதனால்தான்.

இந்த எண்கள் தோராயமானவை. திறந்து வைத்த லென்ஸ் நடைமுறையில் இதைவிடச் சற்று வேகமாகச் சூடேறும். காரணம் மூட்டமேதான். ஒரு கிராம் ஆவி நீராகப் படியும்போது சுமார் 2,450 ஜூல் உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது, அது முழுக்கக் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் போய்ச் சேர்கிறது. மூடிய பைக்குள் இருக்கும் கேமராவுக்கு இந்த உதவி கிடையாது, பையின் திணிப்பும் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆகவே பைக்குள் ஆகும் நேரத்தை இரண்டு மடங்காகக் கணக்கிடுவது நல்லது. வெளியே எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையை வெளியே வைத்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

மூட்டம் எங்கே படிந்திருக்கிறது?

லென்ஸின் முன்முகத்தில் படிந்தால் கண்ணுக்கே தெரியும். படத்தில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் விழும், கறுப்பு சாம்பலாகும், தானியங்கிக் குவியம் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். மூட்டம் ஒரே சீரான நீர்ப்படலமாக இருந்தால் இவ்வளவு கெடுக்காது. கண்ணாடியின் மேல் நீர் பரவாமல், மிகச் சிறிய அரைக்கோளத் துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸாக ஒளியைத் தன் விருப்பத்துக்குச் சிதறடிக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு விற்கும் மூட்டத் தடுப்புத் திரவங்கள் நீரைத் துளியாக நிற்க விடாமல் படலமாகப் பரவச் செய்பவை. கண்ணாடி அணிவோருக்கு அது போதும். கேமரா லென்ஸுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. பூச்சுக்கு மேல் விழும் சமமற்ற படலமே கூர்மையைக் குறைக்கும். அத்தோடு, அது முன்முகத்தை மட்டும்தான் காக்கும்.

முன்முகத்தை ஓரத்தில் மெல்லத் துடைத்துப் பார்த்தால், அந்த இடம் மட்டும் ஓரிரு நொடி தெளிந்து மறுபடி மூடினால் மூட்டம் வெளியே இருக்கிறது. துடைத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அது பின்முகத்திலோ, உள்ளே ஏதோ ஒரு கண்ணாடியிலோ, காட்சிப்பான் கண்ணாடியிலோ இருக்கிறது. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால் எந்த அடுக்கு வெளிறித் தெரிகிறது என்று கண்டுபிடிக்கலாம். காட்சிப்பான் மட்டும் மூடியிருந்தால் படங்கள் நன்றாகவே விழுந்துகொண்டிருக்கும், பார்ப்பவருக்குத்தான் தெரியாது. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

உட்புற மூட்டத்துக்குப் பெரும்பாலும் வழிவிடுவது கையாளும் விதம்தான். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ், ஒரு பம்ப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. லென்ஸ் குளிர்ந்திருக்கும்போது வளையத்தைத் திருப்பினால் ஈரக்காற்று நேராக உள்ளிருக்கும் குளிர்ந்த கண்ணாடிக்குப் போகிறது. வெளியே வந்ததும் லென்ஸை மாற்றுவது அதைவிட மோசம். அப்போது சென்சாரின் மேலுள்ள வடிகட்டிக் கண்ணாடியிலேயே மூட்டம் படியும். மழைத்தடுப்பு வளையங்கள் உள்ள லென்ஸ்கள் இதிலிருந்து தப்பிவிடும் என்ற நம்பிக்கை பொய். அந்த வளையங்கள் நீர்த்துளியைத் தடுப்பவை. காற்று உள்ளே போய்வர வழி இருக்கும்வரை ஆவியும் போய்வரும். உள்ளே படிந்த மூட்டம் மெதுவாகத்தான் விலகும்.

பை

ஈரக்காற்று குளிர்ந்த பரப்பைத் தொடாமல் இருக்க, லென்ஸ் சூடேறும்வரை அதைக் காற்றுப் புகாத பையில் வைப்பது எளிய வழி. ஜிப் பூட்டுள்ள தடித்த பாலித்தீன் பை இதற்குப் போதும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பையை அறைக்குள்ளேயே மூட வேண்டும்.

ஏன் என்று ஒரு கணக்கு காட்டிவிடும். குளிரூட்டிய அறையில் 22 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 10 கிராம் ஆவி இருக்கும். அதன் பனிநிலை 11 டிகிரி. இந்தக் காற்றோடு மூடிய பையில் 22 டிகிரி லென்ஸில் எதுவும் படிய வாய்ப்பில்லை. வெளியே சென்னை மாலைக் காற்றில் அதே கன மீட்டரில் 25 கிராம் ஆவி. வெளியே வந்தபின் பையை மூடினால் அந்தக் காற்றும் உள்ளே அடைபடும். 22 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 19 கிராம் ஆவிக்குமேல் தங்காது, மிச்சம் நீராகும். ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம் என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும், ஒரு லென்ஸின் முகத்தை மூடிவிடப் போதுமானது. அறைக்குள் மூடிய பையில் மூட்டம் பையின் வெளிப்புறத்தில் படியும். அங்கே படிவதால் கேமராவுக்குக் கேடு ஒன்றும் இல்லை. பையின் மூட்டம் விலகியதும் லென்ஸ் தயார் என்று எடுத்துக்கொள்வது மட்டும் தவறு. மெல்லிய பிளாஸ்டிக் சில நிமிடங்களில் சூடேறிவிடும், உள்ளே கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

பையை மூடும் முன் பயன்படுத்தப்போகும் லென்ஸைப் பொருத்தி, மின்கலத்தையும் நினைவக அட்டையையும் உள்ளே போட்டுவிட வேண்டும். வெளியே வந்தபின் எதையும் திறக்க வேண்டிய தேவை வரக் கூடாது. பையிலிருந்து காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டால் சூடேறுவதும் விரைவாகும். சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டால் லென்ஸ் சூடாகிவிடாது. மூடும்போது தவறி நுழைந்த ஈரத்தை உறிஞ்ச மட்டுமே அவை உதவும்.

திணிப்புள்ள வழக்கமான கேமராப் பை காற்றுப் புகாததல்ல. ஆனாலும் அதன் ஜிப்பை மூடியே வைத்திருந்தால் ஈரக்காற்று மெதுவாகத்தான் நுழையும். பாலித்தீன் பை இல்லாதபோது அதுவே பரவாயில்லை, நேரம்தான் கூடும்.

குளிரவே விடாமல் இருப்பது

பையைவிட நல்லது, லென்ஸ் குளிர்வதையே தவிர்ப்பது. சென்னையில் ஒரு ஜூன் மாதத் திருமணத்தை எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள். புகைப்படக்காரர் முந்தின இரவு மண்டபத்தை அடுத்த விடுதி அறையில் தங்குகிறார். குளிரூட்டி 22இல் ஓடுகிறது. திறந்த மேடையில் நடக்கும் சடங்குகளை ஐந்தரைக்குப் படமெடுக்கத் தொடங்க வேண்டும். நாலரை மணிக் காற்றின் பனிநிலை 26 என்று முன்பே பார்த்தோம். ஐந்து மணிக்கு மூடிய பையோடு கிளம்பினால், பையில் ஆகும் இரட்டை நேரக் கணக்கில் ஆறு இருபதுக்குத்தான் தெளிவான படம். மாங்கல்ய தாரணம் அதற்கு முன்பே முடிந்துவிடக் கூடும்.

அதே அறையில் குளிரூட்டியை 27இல் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே எழுந்திருக்காது. 27 டிகிரி லென்ஸில் 26 டிகிரி பனிநிலையுள்ள காற்று எதையும் படியவைக்காது. ஆனால் இரவு முழுவதும் 27இல் தூங்க எல்லோருக்கும் முடியாது. அதற்கு மாற்றாக, மூன்றரைக்கே அலாரம் வைத்துக் குளிரூட்டியை நிறுத்திவிடலாம். அறைச் சுவர்களும் தளமும் மெல்லச் சூடேற, அறைக்குள் இன்னும் பெரும்பாலும் வறண்டிருக்கும் காற்றில் லென்ஸும் சூடேறும். கிளம்பும்போது லென்ஸ் 24ஐ எட்டியிருந்தால், வெளியே வேறுபாடு நாலிலிருந்து இரண்டாக ஒரு முறை பாதியானால் போதும். திறந்த காற்றில் 25 நிமிடம், பையில் 50.

இன்னும் எளிய வழி, கேமராப் பையைக் குளிரூட்டி ஓடும் அறைக்குள் வைக்காமலே இருப்பது. விடுதியில் குளியலறைக்குக் குளிர்காற்று அதிகம் போவதில்லை. கதவை மூடி, யாரும் குளிக்காத நேரத்தில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்தால் இரவு முழுவதும் கேமரா வெளி வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கும். காரில் போகும்போது குளிர்காற்று வீசும் இருக்கையைவிட டிக்கி நல்லது. நிறுத்தி வைத்த காரின் டிக்கி வெயிலில் அடுப்பாகிவிடும் என்பதால், பயணத்தின்போது மட்டும் அங்கே வைப்பதே சரி. போய்ச் சேர அரைமணி இருக்கும்போதே குளிரூட்டியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிடுவது பழக்கமான தந்திரம். காரில் வருபவர்களின் முணுமுணுப்பை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

லென்ஸின் முன்பகுதியில் சுற்றும் சூடாக்கும் பட்டைகளும் கிடைக்கின்றன, பவர் பேங்கிலேயே ஓடுபவை. வானியல் ஆர்வலர்கள் இவற்றை வேறொரு காரணத்துக்காகப் பயன்படுத்துகிறார்கள். திறந்த வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்வீசும் லென்ஸ் இரவில் காற்றைவிடவே குளிர்ந்துபோகும். பனி படியாமலிருக்க அதற்கு விடாமல் கொஞ்சம் வெப்பம் கொடுக்க வேண்டும். குளிர் அறையிலிருந்து வரும் லென்ஸுக்கு இது ஒருமுறை செய்யும் உதவிதான். கிளம்பும் முன் அறைக்குள்ளேயே கால் மணி நேரம் பட்டையைச் சுற்றி வைத்தால் முன்முகம் பனிநிலையைத் தாண்டிவிடும். பின்முகத்துக்கும் கேமரா உடலுக்கும் அவ்வளவாகப் பலன் கிடைக்காது. ஹேர் டிரையர் பரிந்துரைக்கத் தக்கதல்ல. ஓரிடத்தில் அதிகம் சூடாக்கி, தூசியையும் ஊதித் தள்ளும்.

படிந்துவிட்ட பிறகு

எல்லா எச்சரிக்கையையும் மீறி மூட்டம் படிந்தால் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பரப்பு குளிர்ந்திருக்கும்வரை அது திரும்பத் திரும்பப் படியும். துடைக்கத் துடைக்க ஒட்டியிருக்கும் மணல்துகள் பூச்சைக் கீறும். மண்டபத்து நின்றாடும் மின்விசிறியின் முன் கேமராவை வைப்பது இதைவிட நல்லது. வீசும் காற்று ஈரத்தையும் கொண்டுவருகிறதே என்று தோன்றலாம். ஆனால் வெப்பத்தையும் அது அதே வேகத்தில் கொண்டுவருகிறது; அசையாத காற்றில் ஆகும் நேரம் பாதிக்குமேல் குறையும். முன்மூடியைக் கழற்றி வைக்க வேண்டும், ஜூம் வளையத்தைத் தொடக் கூடாது, லென்ஸைக் கேமராவிலிருந்து பிரிக்கக் கூடாது. அதற்குள் நழுவும் காட்சிகளுக்குக் கைபேசி இருக்கிறது.

திரும்பும் பாதையை யாரும் கவனிப்பதில்லை. சூடான லென்ஸைக் குளிர் அறைக்குள் கொண்டுவந்தால் வெளிப்பரப்பில் எதுவும் படியாது. ஆனால் லென்ஸுக்குள் அடைபட்டிருக்கும் காற்று, நாள் முழுவதும் ஜூம் செய்து உள்ளிழுத்த 27 டிகிரி பனிநிலைக் காற்று. கண்ணாடி 22க்குக் குளிரும்போது அதன் ஈரம் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படியக்கூடும். அறையின் வறண்ட காற்று மெல்ல உள்ளே போய்வர, ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் அது தானே மறையும். குளிரூட்டியின் நேர்க்காற்றில் கேமராவை வைக்காமல், சிலிகா ஜெல் உள்ள மூடிய பையில் மெதுவாகக் குளிரவிட்டால் படலம் படிவதும் குறையும்.

உட்புற ஈரம் நாள்கணக்கில் தங்கினால் வேறு பிரச்சினை. ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டித் தொடர்ந்து இருக்கும் இடத்தில் லென்ஸ் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். இதனால்தான் கடலோர ஊர்ப் புகைப்படக்காரர்கள் ஈரப்பதத்தை 40 முதல் 45 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டியை வாங்குகிறார்கள். அந்தப் பெட்டியைக் குளிரூட்டிய அறையில் வைத்தால் உள்ளிருக்கும் லென்ஸும் அறையளவு குளிர்ந்தே இருக்கும். பூஞ்சையிலிருந்து பெட்டி காப்பாற்றும், மூட்டத்திலிருந்து காப்பாற்றாது. பெட்டி இல்லாதவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் நிறம் மாறும் சிலிகா ஜெல்லும் போதும். ஆரஞ்சு பச்சையாகவோ, நீலம் இளஞ்சிவப்பாகவோ மாறினால் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். டார்ச் ஒளியில் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது மூட்டம் அல்ல, பூஞ்சை. காத்திருந்தால் அது விலகாது. பூச்சை அரிக்கும் முன் சர்வீஸ் கடையில் பிரித்துத் துடைக்கக் கொடுத்துவிட வேண்டும்.